ஒரு கிலோ உயிர் எடைக்குத் தீன் செலவு எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்த அனுபவம்

வீடு கொட்டாஞ்சேனையில், கோழிக்கொட்டில் ஹன்வெல்லப் பக்கம். ஒரு தடவைக்கு 500 குஞ்சு விடுவேன். முன்பெல்லாம் விற்ற காசில் குஞ்சு, தீன், மருந்துச் செலவைக் கழித்து, மிஞ்சுவதைப் பார்த்தே திருப்திப்படுவேன். போன சித்திரைத் தொகுதியில் மிச்சம் மிகக் குறைவாக இருந்ததால், தீனை மட்டும் தனியாகக் கணக்கிட உட்கார்ந்தேன்.

36 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, ஆக 1,800 கிலோ வாங்கியிருந்தேன். விற்று முடிந்தபின் 40 கிலோ மீதி இருந்தது. அதைக் கழிக்க வேண்டும், முதலில் நான் மறந்துவிட்டேன். செலவானது 1,760 கிலோ. விற்ற கோழி 478, மொத்த உயிர் எடை 956 கிலோ. 1,760ஐ 956ஆல் வகுத்தால் 1.84. இதுதான் தீன் மாற்று விகிதம். ஒரு கிலோ எடைக்கு 1.84 கிலோ தீன் போயிருக்கிறது. குஞ்சுத் தீன், வளர்ச்சித் தீன் இரண்டையும் சேர்த்து எனக்குக் கிலோவுக்குச் சராசரி 203 ரூபா விழுந்தது. 1.84ஐ 203ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 373 ரூபா.

பக்கத்துப் பண்ணை அண்ணனிடம் காட்டினேன். "தம்பி, கோழி இவ்வளவு தின்னாது. கீழே பாருங்கோ" என்றார். அடுத்த தொகுதியில் 30ஆம் நாள் தீன்பாத்திரங்களுக்குக் கீழே சாக்கு விரித்தேன். ஒரே நாளில் 4 கிலோ சேர்ந்தது! அன்று போட்டது 72 கிலோ. உமியோடு கலந்துவிடுவதால் அதுவரை கண்ணில் படவேயில்லை. பாத்திரத்தின் விளிம்பைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி, நிரப்புவதையும் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினேன். கோழி வளர வளர கயிற்றைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும்.

இன்னொரு கசிவு இறப்பு. சித்திரையில் செத்த 22இல் 12 கோழி, 30 நாள் கடந்தபின் மத்தியான வெக்கையில் போனவை. அந்த வயதில் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் தின்றிருக்கும். தீன் கணக்கில் நிற்கும், எடை வராது. முதல் வாரத்தில் சாகும் குஞ்சு விகிதத்தை அவ்வளவாக அசைக்காது. அதனால் இப்போது வெயில் ஏறுமுன் பாத்திரங்களை உயர்த்தித் தீனை நிறுத்தி, மாலையில் திரும்ப இறக்குகிறேன். தண்ணீர் எந்நேரமும் இருக்கும்.

அந்தத் தொகுதி 1.68இல் முடிந்தது. கிலோவுக்கு 341 ரூபா. விற்ற 960 கிலோவுக்கு ஏறக்குறைய 31,000 ரூபா மிச்சம்.

இப்போது கடைக்காரர் கிலோவுக்கு 8 ரூபா குறைந்த வேறு தீனைக் காட்டுகிறார். சராசரி 195 ஆகும். ஆனால் 341ஐ 195ஆல் வகுத்தால் 1.75. அந்தத் தீனில் விகிதம் 1.75ஐத் தாண்டினால் விலைக்குறைவு எனக்கு நட்டம்தான். சரி என்று, வலை கட்டி 100 குஞ்சைப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் அதைப் போடுகிறேன். மூட்டைகளையும் எடையையும் தனிக் கொப்பியில் எழுதுகிறேன்.