தொலையாத 12 பேரிங்

6204-ZZ பேரிங் 40 வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்திருந்தது. சிஸ்டத்தில் 45 இருந்ததால் விற்பனைப் பக்கத்தில் சரி சொல்லிவிட்டார்கள். எடுக்கப் போன தம்பி திரும்பி வந்து, "அண்ணே, 33 தான் கிடக்கு" என்றான். உதிரிபாகக் கிடங்கு அது, ஸ்டாக் கணக்கு என் பொறுப்பு. நானே போய் எண்ணினேன், 33 தான். பிரித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட, ஆர்டர் ரத்தானது. 12 பெட்டி காணவில்லை என்று எழுதி, கணக்கை 33 ஆக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்துத் தட்டில், 6204-2RS வைக்கிற இடத்தில், பின்வரிசையில் 12 ZZ பெட்டிகள் கிடந்தன. எதுவும் தொலையவில்லை. ஆர்டர் ரத்தான அன்று கிடங்குக்குள் 45 பேரிங்கும் இருந்திருக்கின்றன.

இந்த இரண்டு பேரிங்கையும் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டுக்கும் உள்துளை 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14. ZZ-இல் இருபுறமும் மெல்லிய உலோக மூடி, 2RS-இல் ரப்பர் சீல். பெட்டியும் ஒரே அளவு, ஒரே நிறம், லேபிளில் கடைசி எழுத்துகள் மட்டும்தான் மாறும். குறியீட்டு வரிசைப்படி அடுக்கியிருந்ததால் இரண்டும் அடுத்தடுத்த தட்டுகளில் இருந்தன. குறியீட்டு வரிசை என்பது கணினிக்கு வசதியான ஏற்பாடு, கைக்கு அது பொறி.

சிஸ்டத்தில் இரண்டு பொருளின் வரவு செலவையும் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய தாள்களோடு ஒப்பிட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பின்னோக்கிப் போனேன். முதலில் 2RS 60, ZZ 45 என்று கணக்கும் கையிருப்பும் ஒன்றாகவே இருந்தன. 12 எண்ணம் 2RS கேட்டு ஓர் ஆர்டர். எடுத்தவர் ZZ தட்டில் கை வைத்துவிட்டார். சிஸ்டம் 2RS-இல் 12 கழித்து 48 ஆக்கியது, ஆனால் தட்டில் இன்னும் 60. ZZ கணக்கில் 45, தட்டில் 33. ஒரு தவறான பார்சல் போனால் ஒரு பொருளின் கணக்கு கெடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கெடுவது இரண்டு, அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக. மொத்த எண்ணிக்கை மட்டும் கச்சிதமாகப் பொருந்தி நிற்கும், அதனால் மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது எந்தக் காலத்திலும் படாது.

வாடிக்கையாளர் புகார் சொன்னார், மாற்றுச் சரக்காக 12 சரியான 2RS போயிற்று. கணக்கில் 36, தட்டில் 48. பிறகு தவறாகப் போன 12 ZZ திரும்பி வந்தது. ரிட்டர்ன் தாளில் 6204-2RS என்று எழுதியிருந்தது, ஏனென்றால் அவர் கேட்டது அதைத்தானே. வாங்கியவர் தாளைப் பார்த்து 2RS என்றே வரவு வைத்து, பெட்டிகளையும் 2RS தட்டிலேயே அடுக்கிவிட்டார்.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. அந்த நிமிடத்தில் கணக்கைப் பாருங்கள்: 2RS 48, ZZ 45. கிடங்குக்குள் உண்மையில் இருப்பதும் 2RS 48, ZZ 45! முதல் தவறை ரிட்டர்ன் தவறு நேர் செய்துவிட்டது. எண்கள் சரி, 12 பெட்டி மட்டும் இடம் மாறிக் கிடந்தது. அதன் பிறகு, தட்டுகளை முறை வைத்து எண்ணுகிற சுழற்சி எண்ணிக்கைக்கு வந்த ஒருவர் 2RS தட்டில் 60 பெட்டி எண்ணி, லேபிளை ஒவ்வொன்றாகப் படிக்காமல், கணக்கில் 12 கூட்டினார். சில நாளில் நான் ZZ-இல் 12 கழித்தேன். சரியாக இருந்த கணக்கை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, முறைப்படி எண்ணி, கையெழுத்துப் போட்டுக் கெடுத்தோம்.

சரி, முதல் நாள் இது எப்படி வெளியே போனது? சோதனை மேசை இல்லாமல் இல்லை. ஸ்கேனர் இருந்தது, ஆள் இருந்தார், பதிவில் 12-க்கு 12 சரி என்றும் இருந்தது. பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணிநேரம் சும்மா நின்று பார்த்ததில் காரணம் தெரிந்துவிட்டது. எதை எத்தனை எடுக்க வேண்டும் என்று சொல்லும் பிக்கிங் சீட்டில் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அந்தப் பொருளின் பார்கோடு அச்சிட்டிருந்தோம், வசதிக்காக. பேரிங் பெட்டியின் லேபிள் சிறியது, பிளாஸ்டிக் உறை பளபளக்கும், ஸ்கேனரை இரண்டு மூன்று முறை சாய்த்துப் பிடித்தால்தான் பிடிக்கும். சீட்டில் இருக்கும் பார்கோடோ ஒரே தட்டலில் பீப் என்று சொல்லும். அவசரத்தில் எல்லோரும் சீட்டைத்தான் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். சீட்டு சீட்டோடு பொருந்தாமல் வேறு எதோடு பொருந்தும்? அப்புறம், ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டு 12 என்று தட்டினால் போதும் என்றும் சிஸ்டம் விட்டிருந்தது. பெட்டியையே ஸ்கேன் செய்திருந்தாலும், முதல் பெட்டி சரியாக இருந்து மற்ற 11 தவறாக இருந்தால் தெரிந்திருக்காது.

மேசையில் சோதித்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சீட்டை வடிவமைத்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.

மாற்றியது அதிகமில்லை. சீட்டிலிருந்து பொருள் பார்கோடை எடுத்துவிட்டோம், ஆர்டர் எண்ணின் பார்கோடு மட்டும் மிச்சம். அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்த சரக்கு என்றால் ஒவ்வொரு பெட்டியும் ஸ்கேன் ஆக வேண்டும், எண்ணிக்கையைத் தட்டுகிற வசதி கிடையாது. ஒட்டுப் பிரியாத முழு அட்டைப்பெட்டிக்கு மட்டும் அதன் வெளிப்புறப் பார்கோடு செல்லும், அதுவும் அந்தப் பார்கோடுக்கு உள்ளே எத்தனை என்று பொருள் பட்டியலில் பதிந்திருந்தால்தான். பதியாமல் விட்டால் 10 இருக்கிற பெட்டி 1 என்று எண்ணப்படும், அது தனி ரகளை. சோதிப்பவர் திரையில் எத்தனை வேண்டும் என்பதையும் மறைத்துவிட்டோம். 12 வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்தால் கண் 12 என்றே எண்ணும், 11 இருந்தாலும். முகவரி லேபிள் கடைசிப் பெட்டி ஸ்கேன் ஆன பிறகுதான் அச்சாகும், மேசையில் ஒரு நேரத்தில் ஓர் ஆர்டர்தான் இருக்கும். இரண்டு ஆர்டர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து லேபிள் மாறி ஒட்டப்பட்டால் அத்தனை ஸ்கேனும் வீண்.

12 பெட்டிக்கு அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. முதல் வாரம் முணுமுணுப்பு பலமாக இருந்தது. லேபிளைப் பெட்டியின் தட்டையான பக்கத்தில் ஒட்டித் தரும்படி சப்ளையரிடம் கேட்டு வாங்கியதும் அது பாதியாகக் குறைந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

எடை பார்த்தால் போதாதா என்று மேலே இருந்து ஒரு யோசனை வந்தது. பொருள் பட்டியலில் உள்ள எடைகளைக் கூட்டி, அட்டைப்பெட்டியின் எடையையும் சேர்த்து, தராசு காட்டுவதோடு ஒப்பிடுவது. எண்ணிக்கைத் தவறுக்கு நல்ல வழிதான். ஒரு 6204 சுமார் 100 கிராம், 12 பேரிங் உள்ள பார்சலில் ஒன்று குறைந்தால் தராசு உடனே சொல்லிவிடும். ஆனால் ZZ-க்கும் 2RS-க்கும் உள்ள எடை வித்தியாசம் அட்டையும் டேப்பும் கூடக் குறைய இருப்பதிலேயே கரைந்துவிடும். 25 கிலோ பார்சலில் 1 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதித்தால் அதுவே 250 கிராம், அதற்குள் இரண்டு பேரிங் காணாமல் போகலாம். எனவே தராசை வைத்துக்கொண்டோம், ஸ்கேனுக்குப் பதிலாக அல்ல, கூடவே.

ஸ்கேனும் லேபிளைத்தான் படிக்கும், உள்ளே இருப்பதை அல்ல. பிரித்துப் பார்த்துவிட்டு மூடிய பெட்டியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. திறந்த பெட்டி எதுவும் ஆள் பார்த்துச் சரி சொல்லாமல் தட்டுக்குத் திரும்பக் கூடாது என்று வைத்தோம்.

மேசையில் தவறான பெட்டி பிடிபட்டால் என்ன செய்வது என்பதுதான் நான் எதிர்பார்க்காத சிக்கல். முன்பெல்லாம் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். எடுத்தவர் தவறான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, கையில் கிடைத்த தட்டில் வைத்துவிட்டு, சரியானதை எடுத்து வருவார். வெளியே தவறு போகாது, உள்ளே ஒரு பெட்டி இடம் மாறியிருக்கும். இப்போது பிடிபட்டது மேசை ஓரத்துச் சிவப்புத் தட்டுக்குப் போகிறது. மாலையில் ஒருவர் பெட்டியையும் வைக்கிற தட்டையும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, சம்பந்தப்பட்ட இரண்டு தட்டுகளையும் லேபிள் படித்து எண்ணுகிறார்.

இதையெல்லாம் மீறி ஒன்று போய்விட்டால்? புகார் வந்த அன்றே இரண்டு தட்டையும் எண்ணி, கேட்ட பொருளில் கூட்டி, போன பொருளில் கழிக்க வேண்டும். ரிட்டர்ன் வரட்டும் என்று காத்திருந்தால் அதுவரை இல்லாத ZZ-ஐ விற்பனைப் பக்கம் விற்றுக்கொண்டிருக்கும். அப்படிக் கணக்கைத் திருத்திவிட்டால், திரும்பி வரும் சரக்கைப் பெட்டி லேபிள்படி ZZ என்றுதான் வரவு வைக்க வேண்டும், ரிட்டர்ன் தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரி. திருத்தியும் விட்டு, தாள்படி 2RS என்று வரவும் வைத்தால் 2RS 12 கூடுதலாகவும் ZZ 12 குறைவாகவும் நிற்கும். இந்தப் பாதிவேலையால் கெட்ட கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையில் வித்தியாசம் வந்தால் நான் இப்போது உடனே பதிவு செய்வதில்லை. 12 குறைகிறது என்றால், பக்கத்துத் தட்டிலோ ஒத்த குறியீட்டிலோ 12 கூடியிருக்கிறதா, சமீபத்தில் 12 கூட்டி யாராவது பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடுகிறேன். ஜோடி கிடைத்தால் அது தொலைந்த சரக்கு அல்ல. ZZ-ஐயும் 2RS-ஐயும் வேறு வேறு ரேக்குக்கு மாற்றியாயிற்று. நடுவில் உள்ள இடத்தில் இப்போது கிரீஸ் டப்பா இருக்கிறது, அதை யாரும் பேரிங் என்று எடுத்து வருவதில்லை.