அத்தைக்கு அக்கி, எனக்கு அம்மை, வயித்துல 24 வாரம்

நாங்க பினாங்குல ஆயர் ஈத்தாம் பக்கம் ஃபிளாட்ல இருக்கோம். மாமியாருக்கு இடுப்புல ஒரு பக்கமா கொப்புளம் வந்துச்சு, அக்கி, மலாய்க்காரங்க காயாப்னு சொல்வாங்களே அதுதான். நான்தான் தினமும் வெறுங்கையால கேலமைன் தடவி விட்டேன். அக்கி ஒட்டாதுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்.

எனக்கு சின்ன வயசுல சின்னம்மை வந்ததே இல்ல. தடவ ஆரம்பிச்ச 16வது நாள் சாயங்காலம் காய்ச்சல், கழுத்துல தண்ணி கோத்த மாதிரி மூணு கொப்புளம், ராத்திரிக்குள்ள நெஞ்சு, முதுகு, தலைமுடிக்குள்ளன்னு பரவிடுச்சு. பக்கத்துல இருந்த கிளினிக்ல கர்ப்பிணிக்கு மருந்து வேணாம், கேலமைன் போதும்னு அனுப்பிட்டாங்க. இதுதான் எனக்கு இன்னும் ஆறல.

காலையில ஆஸ்பத்திரிக்கு முதல்ல போன் பண்ணினோம், மத்த கர்ப்பிணிங்க கூட உக்காரக் கூடாதுன்னு தனி வழியா வரச் சொன்னாங்க. டாக்டர் முதல்ல கேட்டது குழந்தையைப் பத்தி இல்ல, மூச்சு வாங்குதா, இருமல் இருக்கான்னுதான். பெரியவங்களுக்கு, அதுவும் கர்ப்பத்துல, இந்த வைரஸ் நுரையீரலுக்கு இறங்கினாதான் உயிருக்கே ஆபத்தாம், அப்படி ஆனா அட்மிட் பண்ணி நரம்பு வழியா மருந்து ஏத்துவாங்களாம். விரல்ல மாட்டிப் பாத்தாங்க, ஆக்சிஜன் 98. 20 வாரம் தாண்டிடுச்சு, கொப்புளம் வந்து இன்னும் 24 மணி நேரம் ஆகல, அதனால வீட்லயே அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 தடவ, 7 நாள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரொஃபென் தொடவே கூடாதுன்னாங்க.

அத்தைக்கு மனசே கேக்கல, நம்ம வீட்டுக்கு மாரியம்மா வந்திருக்கா, மாத்திரை போடாதம்மான்னு அழுதாங்க. நான் வேப்பிலையையும் தலைமாட்டுல வச்சுக்கிட்டேன், மாத்திரையையும் விடல. காலைல 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10னு அலாரம், மறுநாளுக்கான 5 மாத்திரைய முட்டை ட்ரேல குழி குழியா அவங்களே போட்டு வச்சாங்க. 8வது நாள் எல்லாமே பொறுக்கு தட்டிடுச்சு, அதுக்கப்புறம்தான் வெளிய போனேன்.

அத்தைக்கு 7 வயசுல அம்மை வந்திருக்கு. அந்த வைரஸ் உடம்ப விட்டுப் போகாம முதுகெலும்பு பக்கத்து நரம்பு முடிச்சுல தூங்கி, வயசாகி எதிர்ப்பு சக்தி குறைஞ்சப்போ ஒரு நரம்பு வழியா அக்கியா வந்துருக்கு. கொப்புளத்துத் தண்ணி வழியா எனக்கு வந்தப்போ அம்மையா வந்துச்சு. அவங்க கொப்புளத்த தொட்ட மறுநாளே நான் சொல்லியிருந்தா ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாத்து, இல்லன்னா அம்மை வர்றதுக்கு முன்னாடியே மருந்து கொடுத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.

28 வாரத்துக்குள்ள வந்ததால குழந்தைக்கு பாதிப்பு வர சின்ன வாய்ப்பு இருக்குன்னு, அஞ்சு வாரம் கழிச்சு ஸ்கேன் போட்டாங்க. உடனே பாத்தா ஒண்ணும் தெரியாதாம். கை, கால், தலை அளவு எல்லாத்தையும் நிதானமா அளந்தாங்க, எல்லாம் சரியா இருக்கு.

அத்தைக்குதான் இன்னும் தீரல. அக்கிக்கு 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும், அவங்க 6வது நாள்தான் கிளினிக் போனாங்க. காஞ்சு மூணு மாசம் ஆச்சு, இன்னும் துணி உரசினாலே எரியுதுங்கிறாங்க, புடவைய விட்டுட்டு லூசான பாத்திக் கஃப்தான்லதான் இருக்காங்க.