ஓவர்ஹெட் ரேட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த 31.5 லட்சம்: புராடக்ட் காஸ்ட் பட்ஜெட் முடிச்ச கதை

இந்த வருஷத்துக்கான புராடக்ட் காஸ்ட் பட்ஜெட் ஒருவழியா அப்ரூவ் ஆகி, முதல் காலாண்டும் முடிஞ்சிடுச்சு. இன்னும் அந்த எரிச்சல் போகல, அதான் எழுதிடறேன், இதே வேலையில உக்காந்திருக்கிற யாருக்காவது உதவும். மெட்டீரியல் ஸ்டாண்டர்ட், லேபர் ரேட் எல்லாம் எந்தப் பிரச்சனையும் இல்லாம வந்துடுச்சு, அதைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. ஸ்டோர்ஸ், மெயின்டெனன்ஸ் செலவை மெஷினிங், அசெம்பிளின்னு பிரிச்சு போடறதும் போன வருஷ அடிப்படையிலயே முடிஞ்சுது. உயிரை வாங்கினது மெஷினிங் டிபார்ட்மென்ட்டோட அப்சார்ப்ஷன் ரேட்தான், அதாவது ஒரு மெஷின் மணி நேரத்துக்கு புராடக்ட் மேல எவ்ளோ ஓவர்ஹெட் ஏத்தணும்ங்கிற ரேட்.

கணக்கு பாக்க ரொம்ப சிம்பிள். ஓவர்ஹெட் பட்ஜெட்டை மெஷின் மணி நேரத்தால வகுக்கணும், அவ்ளோதான். மேல இருக்கிற தொகை என்கிட்ட ரெடி. ஃபிக்சட் 90 லட்சம், வேரியபிள் 36 லட்சம், மொத்தம் 126 லட்சம். கீழ போட வேண்டிய மணி நேரத்தை பிளானிங்ல இருந்துதான் வாங்கணும். மெயில் போட்டேன், பதில் இல்ல, நேர்ல போனேன், "அனுப்புறேன் சார்"னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியா ஒரே ஒரு வரி வந்துச்சு: 48,000 மணி நேரம். எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது.

126 லட்சத்தை 48,000-ஆல வகுத்தா மணிக்கு 262.50. போன வருஷத்தை விட ரேட் குறைஞ்சிருக்குன்னு எல்லாருக்கும் சந்தோஷம், மார்க்கெட்டிங் அப்பவே அந்த ரேட்டை வெச்சு கொட்டேஷன் போட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஏன்னா செலவு எங்கயும் குறையல, ஆர்டரும் ஏறல, அப்புறம் எப்படி ரேட் மட்டும் இறங்கும்?

ரேட்டை கையில வாங்கினதும் அப்படியே சிஸ்டத்துல ஏத்திடாதீங்க, முதல்ல ஒரு திருப்பு சோதனை போடுங்க. சேல்ஸ் பட்ஜெட்ல இருக்கிற ஒவ்வொரு புராடக்ட்டோட எண்ணிக்கையையும் அதோட ரூட்டிங் நேரத்தால, அதாவது ஒரு பீஸை மெஷின்ல முடிக்க ஆகும்னு மாஸ்டர்ல போட்டிருக்கிற நேரத்தால, பெருக்கி மொத்த ஸ்டாண்டர்ட் மணி நேரத்தை எடுங்க, அதை ரேட்டால பெருக்குங்க. கிடைக்கிறதுதான் வருஷத்துல புராடக்ட் மேல ஏறப்போற ஓவர்ஹெட். பட்ஜெட் தொகைக்கும் அதுக்கும் வித்தியாசம் இருந்தா, அது ஏன்னு உங்களால சொல்ல முடியணும். சொல்ல முடியலன்னா எங்கயோ ஒரு நம்பர் தப்பு.

நான் போட்டுப் பாத்தப்ப ஸ்டாண்டர்ட் மணி நேரம் 54,000 வந்துச்சு. 262.50-ஆல பெருக்கினா 141.75 லட்சம், அதாவது செலவை விட 15.75 லட்சம் கூடவே அப்சார்ப் ஆகுது! இதைப் பாத்துட்டு மீட்டிங்ல ஒருத்தர் "அப்போ ரேட்டை இன்னும் குறைக்கலாமே"ன்னு கேட்டார். ஆனா அந்த 54,000-ஐ நல்லா பாருங்க. பிளானிங் கொடுத்ததே 48,000தான், அதுல எல்லா மெஷினும் நிக்காம ஓடினாலும் 54,000 மணி நேர வேலையை அதுக்குள்ள அடைக்க முடியாது. அப்படின்னா ரூட்டிங்லயும் தப்பு இருக்கு, ஒரு தப்பு இன்னொரு தப்பை மூடிட்டு இருக்கு.

புராடக்ட் வாரியா மணி நேரத்தை இறக்கு வரிசையில அடுக்கினதும் ஒண்ணு மட்டும் தனியா துருத்திட்டு நின்னுச்சு. ஒரு சின்ன பிராக்கெட், வருஷத்துக்கு 60,000 பீஸ், ரூட்டிங்ல ஒரு பீஸுக்கு 20 நிமிஷம்னு இருக்கு. அந்தப் பொடிசுக்கு 20 நிமிஷமா? ஷாப் ஃப்ளோருக்கே போய் நின்னு பாத்தேன். ஃபிக்ஸ்சர்ல ஒரே நேரத்துல 10 பீஸ் மாட்டறாங்க, சைக்கிள் முடிய 20 நிமிஷம், 10 பீஸும் ஒண்ணா வெளிய வருது. ரூட்டிங்ல நேரத்தை சரியா போட்டவங்க, அது எத்தனை பீஸுக்கான நேரம்ங்கிற கட்டத்துல 10-க்கு பதிலா 1-னு விட்டுட்டாங்க. ஒரு பீஸுக்கு 2 நிமிஷம் ஆகவேண்டியது 20 ஆகி, 2,000 மணி நேரம் 20,000 ஆகிடுச்சு. அந்த பிராக்கெட் மேல மட்டும் பீஸுக்கு 8.75 ஏறவேண்டிய இடத்துல 87.50 ஏறிட்டு இருந்திருக்கு. "இந்த ஐட்டம் நஷ்டம், நிறுத்திடலாம்"னு ஒரு பேச்சு வேற ஓடிட்டு இருந்துச்சு, அதை நினைச்சாலே வயிறு எரியுது.

சரி, கண்டுபிடிச்சாச்சு, மாத்தறது? ரூட்டிங் மாஸ்டர் இன்ஜினியரிங்கோட பொறுப்பு. அங்க இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாம "பட்ஜெட் நேரத்துல மாஸ்டர் லாக், மாத்தணும்னா அப்ரூவல் கொண்டு வாங்க"ன்னார். அப்ரூவல் வாங்கிட்டு போனா டைம் ஸ்டடி ஷீட் வேணும்னார், இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். நீங்க போகும்போதே சூப்பர்வைசர் கையெழுத்து போட்ட டைம் ஸ்டடி ஷீட், ஒரு லோடுக்கு எத்தனை பீஸ்ங்கிற விவரத்தோட, எடுத்துட்டே போங்க.

பிராக்கெட் சரியானதும் மொத்தம் 36,000 மணி நேரத்துக்கு இறங்கிச்சு. இப்ப அதே 262.50-ஆல பெருக்கினா 94.5 லட்சம்தான் ஏறுது. செலவு 126 லட்சம். 31.5 லட்சம் எந்த புராடக்ட் மேலயும் ஏறாம அந்தரத்துல நிக்குது! வருஷம் பூரா எல்லா ஐட்டமும் லாபம்னு ரிப்போர்ட் காட்டிட்டு, வருஷக் கடைசில இந்தத் தொகை மொத்தமா வந்து விழுந்திருக்கும்.

இதுக்கு காரணம் அந்த 48,000தான். மறுபடி பிளானிங் போய் உக்காந்து பிரிச்சுப் பாத்தா: 10 மெஷின், ரெண்டு ஷிப்ட்ல 16 மணி நேரம், 300 நாள். அவ்ளோதான். மெயின்டெனன்ஸ் நிறுத்தம், செட்டப், டூல் மாத்தற நேரம் எதையும் கழிக்கல, ஆர்டர் இருக்கா இல்லையான்னும் பாக்கல. "மெஷின் அவர்ஸ் கேட்டீங்க, கொடுத்தோம்"ங்கிறாங்க. என்னோட 36 லட்சம் வேரியபிள் ஓவர்ஹெட்டோ, சேல்ஸ் பட்ஜெட்டுக்கு தேவையான 36,000 மணி நேரத்தை வெச்சு மணிக்கு 100-னு போட்டது. மேல இருக்கிற செலவு ஒரு உற்பத்தி அளவுக்கு, கீழ இருக்கிற மணி நேரம் வேற அளவுக்கு. ரெண்டும் ஒரே அளவுல நிக்கலன்னா அந்த ரேட்டுக்கு அர்த்தமே இல்ல.

அதனால பிளானிங்ல கேக்கும்போது "மெஷின் அவர்ஸ்"னு மொட்டையா கேக்காதீங்க. மெஷின் நிறுவின திறன்படி எவ்ளோ, வழக்கமான நிறுத்தமெல்லாம் போக சாதாரண வருஷங்கள்ல சராசரியா எவ்ளோ ஓடுது, அடுத்த வருஷ ஆர்டருக்கு எவ்ளோ தேவைன்னு மூணையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. எங்களுக்கு அது 48,000, 40,000, 36,000-னு வந்துச்சு.

இதுல எதை எடுக்கறதுன்னு அடுத்த சண்டை. 36,000-ஐ எடுத்தா ரேட் 350, எல்லா செலவும் புராடக்ட் மேல ஏறிடும், ஃபைனான்ஸ்ல சிலருக்கு அதுதான் வேணும். நான் ஒத்துக்கல. ஆர்டர் குறைஞ்ச வருஷத்துல காலியா நின்ன மெஷினோட செலவையும் ஓடின பீஸ் தலையில கட்டறோம், காஸ்ட் ஏறுது, அதைப் பாத்து விலையை ஏத்தினா ஆர்டர் இன்னும் குறையும், அடுத்த வருஷம் மணி நேரம் இன்னும் சுருங்கி ரேட் மறுபடி ஏறும். இந்த சுழல்ல மாட்டினா வெளிய வர்றது கஷ்டம். சரக்கு மதிப்புக்கான ஐஏஎஸ் 2 தரமும் ஃபிக்சட் புரொடக்ஷன் ஓவர்ஹெட்டை சாதாரண திறன் அடிப்படையில ஏத்தணும், உற்பத்தி குறைஞ்சதால ஏறாம நிக்கிறதை அந்தந்த காலத்து செலவா எழுதிடணும்னுதான் சொல்லுது. மீட்டிங்ல இதை எடுத்து வெச்சதும்தான் பேச்சு அடங்குச்சு.

ஆக, ஃபிக்சட் 90 லட்சத்தை 40,000-ஆல வகுத்து 225, அதோட வேரியபிள் 100, மொத்தம் 325. வேரியபிள் மணி நேரத்தோடயே ஏறி இறங்கறதால அதுல இந்தத் தலைவலி இல்ல, ரேட்டை ரெண்டா பிரிச்சு வெக்கச் சொல்றது அதுக்குத்தான். 24 நிமிஷம் எடுக்கிற எங்க முக்கியமான ஐட்டத்துக்கு மெஷினிங் ஓவர்ஹெட் 105-ல இருந்து 130 ஆச்சு. மார்க்கெட்டிங் குதிச்சாங்க, ஆனா அந்த 105 நிஜமான காஸ்ட்டே கிடையாதுன்னு ஷீட்டைப் போட்டுக் காட்டினதும், வெளிய போன கொட்டேஷன்ல உறுதியாகாததை எல்லாம் திரும்ப வாங்கிட்டாங்க.

இப்ப திருப்பு சோதனை போட்டா 36,000 மணி நேரத்துக்கு 117 லட்சம் ஏறுது, 9 லட்சம் மிச்சம். ஏன்னு கேட்டா பதில் இருக்கு, பயன்படாத 4,000 மணி நேரம், மணிக்கு 225. அதை பட்ஜெட்லயே "பயன்படாத திறன்"னு தனி வரியா போட்டுட்டேன். இதுக்கு கையெழுத்து வாங்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு, நஷ்டத்தை முன்கூட்டியே ஒத்துக்கற மாதிரி இருக்குன்னாங்க. ஆனா இந்த வரியை விட்டுறாதீங்க.

ஏன்னு முதல் காலாண்டுலயே தெரிஞ்சுது. பெரிய மெயின்டெனன்ஸ் நிறுத்தம் அப்பதான் வந்துச்சு, 8,500 ஸ்டாண்டர்ட் மணி நேரத்துக்குத்தான் உற்பத்தி. ஃபிக்சட்ல ஏறினது 19,12,500, நிஜ செலவு 22,80,000. மேனேஜ்மென்ட் உடனே மெஷினிங் மேனேஜரைக் கூப்பிட்டு 3,67,500 எங்க போச்சுன்னு கேட்டாங்க. காலாண்டு பட்ஜெட் 22,50,000. அதனால செலவு கூடினது வெறும் 30,000, மீதி 3,37,500 மணி நேரம் குறைஞ்சதால வந்த வால்யூம் வேரியன்ஸ், அதுலயும் 2,25,000 நாம கையெழுத்து போட்ட தனி வரிலயே இருக்குன்னு பிரிச்சுக் காட்டினேன். மனுஷன் வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். பாக்கி 1,12,500-க்கு நிறுத்தத்தோட தேதிகளை மெயின்டெனன்ஸ்ல கேட்டிருக்கேன், வந்ததும் மாசவாரியா பிரிச்சுடுவேன். அசெம்பிளி ரூட்டிங்லயும் ஒரு லோடுக்கு எத்தனை பீஸ்ங்கிற கட்டத்தை ஒவ்வொண்ணா பாத்துட்டு இருக்கோம், இதுவரைக்கும் ரெண்டு ஐட்டம் சந்தேகத்துல இருக்கு.