எழுகடல் தெரு என்று ஒரு நிறுவனம்

மதுரையில் புதுமண்டபத்துக்கும் முற்றுப்பெறாத ராயகோபுரத்துக்கும் அருகே எழுகடல் தெரு இருக்கிறது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்பியபோது, சிவபெருமான் ஏழு கடல்களையும் அங்கிருந்த குளத்திற்கே வரவழைத்தார் என்பது தலபுராணம். குளம் இன்று இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. அந்தத் தெருவை ஒட்டிய பாத்திரக் கடையில் அப்பாவுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்து வளர்ந்த நான், சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகள் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்த பின், 2019இல் சிறிய சரக்கு முகவர்களின் கப்பல் ஆவணங்களைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கினேன். கடல் சார்ந்த தொழிலுக்கு எங்கள் தெருவின் பெயரைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஐயம் அப்பாவிடமிருந்து வந்தது. "தெருப் பேரையா வைப்பாங்க? நாளைக்கு நஷ்டமானா தெருவுக்குல்ல கெட்ட பேரு?" என்று தொலைபேசியில் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல், பதிவு வேலையைத் தொடங்கிவிட்டேன்.

சிங்கப்பூரில் நிரந்தரவாசம் இருந்ததால் பதிவு முகவர் இல்லாமல் நானே, அந்நாட்டு அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் வழியாக விண்ணப்பிக்க முடிந்தது. பெயருக்குப் பதினைந்து சிங்கப்பூர் வெள்ளி, நிறுவனப் பதிவுக்கு முந்நூறு வெள்ளி. Ezhukadal என்ற பெயர் அன்றே ஒப்புதலாகிவிட்டதைப் பார்த்து, பெயர் எனக்கே சொந்தமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். நிறுவனப் பதிவாளர், அதே பெயரில் வேறு நிறுவனம் உள்ளதா, தடைசெய்யப்பட்ட சொல் ஏதும் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். வணிகக்குறி உரிமை தனியே அறிவுசார் சொத்து அலுவலகத்தில் பெற வேண்டியது என்பது பிறகுதான் தெரிந்தது. இடப்பெயர் என்பதால் மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சினேன். ஒரு சொல், சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் வாங்குபவருக்குச் சொல்லுமானால் அதைக் குறியாக ஏற்பது கடினம் என்றும், மென்பொருள் வாங்கும் சிங்கப்பூர் வணிகர் எவருக்கும் அந்தத் தெரு தெரியாது என்பதே எனக்குச் சாதகம் என்றும் வழக்கறிஞர் விளக்கினார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, இங்கே யாருக்கும் தெரியாது என்பதுதான் அதைக் காப்பாற்றியது. குறி கிடைத்தாலும், எழுகடல் தெருக் கடைக்காரர் தம் முகவரியை எழுதுவதை நான் தடுக்க முடியாது. தடுக்கும் எண்ணமும் இல்லை.

உண்மையான தொல்லை ழகரத்தில் இருந்தது. zh என்பதைத் தமிழர் ழ என்று படிப்போம். சீன மொழியின் பின்யின் எழுத்துமுறையிலோ அது ஜகரத்துக்கு நெருங்கிய ஒலி. ஆகவே என் முதல் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அதை "எஜுகடல்" என்றே அழைத்தார்கள், ஒருவர் நாங்கள் பள்ளிப் பாடம் விற்பவர்கள் என்றே நினைத்துக்கொண்டார். ஒலித்தவாறு எழுதிய தமிழ் நண்பர்கள் Elukadal என்று எழுதினார்கள். மூன்றாம் மாதம், ஒரு முகவர் நிறுவனத்தின் கொள்முதல் ஆணை Elukadal என்று வந்தது. நான் கவனிக்காமல் Ezhukadal என்று விலைச்சீட்டு அனுப்பினேன். ஆணையிலும் சீட்டிலும் பெயர் ஒத்துவரவில்லை என்று அவர்களுடைய கணக்குப் பிரிவு அதைத் திருப்பிவிட்டது. திருத்திய ஆணை வந்து பணம் கைக்கு வர ஆறு வாரமாயிற்று. அந்த மாதச் சம்பளத்தைச் சேமிப்பிலிருந்து கொடுத்தேன்.

மின்னஞ்சல் இதைவிட நுட்பமான சிக்கல். தவறான எழுத்தில் அனுப்பிய முகவரியின் தளப்பெயரை யாரும் பதிவு செய்யாதிருந்தால் அனுப்பியவருக்கே அஞ்சல் திரும்பும், அவருக்கும் தவறு புரிந்துவிடும். அதை வேறு எவரேனும் வாங்கி அஞ்சல் பெட்டி வைத்திருந்தால் கடிதம் ஓசையின்றி அங்கே போய்விடும், இரு தரப்பும் மற்றவர் பதில் போடவில்லை என்று காத்திருப்போம். அந்த அச்சத்தில் Elukadal, Ezukadal, Yelukadal ஆகிய மூன்று தளப்பெயர்களையும் வாங்கி, எல்லா அஞ்சலும் ஒரே பெட்டிக்கு வரும்படி அமைத்தேன். முதல் மாதமே இருபதுக்கு மேற்பட்ட கடிதங்கள் அந்த வழியாக வந்தன, அவற்றில் இரண்டு விலை கேட்டவை. அட்டைகளில் பெயருக்குக் கீழே தமிழில் "எழுகடல்" என்று அச்சிட்டேன். அது வாசிக்க அல்ல, பேச்சைத் தொடங்கி வைக்க.

கூட்டாளி ஒருமுறை, பெயரை ஏதாவது இரண்டெழுத்துச் சொல்லாக மாற்றிவிடலாம் என்றார். செலவும் எரிச்சலும் சேர்ந்திருந்த அந்த வேளையில் நானும் ஏறத்தாழ ஒப்புக்கொண்டேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அட்டையைக் காட்டி, எழுத்துக் குழப்பத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தெருவுக்கு அழைத்துப்போய், அடுத்தடுத்த இரண்டு கடைகளின் பெயர்ப்பலகைகளைச் சுட்டிக்காட்டினார். ஒன்றில் Elu, மற்றொன்றில் Ezhu என்று இருந்தது. "ரெண்டு பேருக்கும் தபால் சரியாத்தான் வருது" என்றார்.