அந்த முகம் யாருடையது?

நேற்று மறுபடியும் ஜுராசிக் பார்க் (1993) பார்த்தேன். கூரைத் துளையில் சிறுமி லெக்ஸ் தொங்க, கீழிருந்து ராப்டர் டைனோசர் பாயும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? தொங்குவது நடிகை அரியானா ரிச்சர்ட்ஸ் இல்லை, டூப்.

வழக்கமாக டூப்பின் முதுகையோ தலைமுடியையோதான் காட்டுவார்கள். முகம் தெரியும்போது காட்சியை வெட்டி, நடிகரின் குளோசப்புக்குப் போய்விடுவார்கள். இங்கே டூப் சட்டென்று மேலே பார்த்துவிட்டார், முகம் கேமராவில் விழுந்துவிட்டது. அப்புறம் ஐ.எல்.எம். என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் கம்ப்யூட்டரில் அரியானாவின் முகத்தை அந்த உடம்பில் ஒட்டினார்கள். உடம்பு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது!

பழைய படங்களில் முகத்தை மறைத்தால் டூப் என்று சொல்லிவிடலாம். இப்போது முகம் பளிச்சென்று தெரிந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.