ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பிலிருந்து முழுநேர வேலைக்கு: ரெக்ரூட்டருக்கு நான் எழுதிய மின்னஞ்சல்

சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே பல வருடங்களாக ஆங்கிலம், மலாய் இரண்டிலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்த்து வந்தேன். போன வருடம் கோலாலம்பூரில் ஒரு லோக்கலைசேஷன் நிறுவனத்துக்கு முழுநேரத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று ஒரு ரெக்ரூட்டர் லிங்க்ட்இனில் போட்டிருந்தார். அவருக்கு எழுதிய மின்னஞ்சலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தோட்டப்புறத்து ஊர்களில் இதே வேலை செய்கிற தம்பி தங்கைகள் சிலர் புலனத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளுக்கு எழுதிப் பழகிய கைக்கு இந்த மின்னஞ்சல் புதிது. ஏஜென்சியில் நம் மடலைப் படிப்பவர் பெரும்பாலும் ப்ராஜெக்ட் மேனேஜர் அல்லது வெண்டர் மேனேஜர். எந்த மொழி இணை, ஒரு சொல்லுக்கு எத்தனை காசு, ட்ராடோஸ் மொழிபெயர்ப்பு மென்பொருள் இருக்கிறதா, எப்போது கிடைக்கும் என்று நான்கு வரி எழுதினால் போதும், அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். ரெக்ரூட்டர் அப்படி இல்லை. காலையில் கணக்காளர், மதியம் ஃபேக்டரி மேனேஜர், அதற்கு நடுவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று தேடுகிறவர். தமிழே தெரியாதவராகவும் இருக்கலாம்.

எங்கள் தெருவில் வளர்ந்து இப்போது கிள்ளானில் மனிதவளப் பிரிவில் இருக்கும் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அவர் சொன்ன ஒரு விஷயம் மடல் முழுவதையும் நடத்தியது. "நீ எவ்வளவு நல்லா மொழிபெயர்ப்பேன்னு அவங்களுக்குப் பார்க்கத் தெரியாது லா. ஆனா கம்பெனிக்காரங்ககிட்ட உன்னைப் பத்தி அவங்கதான் பேசணும். பேசறதுக்கு வேண்டியதை நீ எழுதிக் கொடு." அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஃப்ரீலான்ஸ் ஆள் என்றாலே கம்பெனி கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒன்றுதானாம்: ஏன் விட்டுவிட்டு வருகிறார், வந்தால் தங்குவாரா, பழைய க்ளையன்ட் வேலையைத் திருட்டுத்தனமாக ஆபீஸ் நேரத்தில் செய்வாரா, ஒருவருக்குக் கீழே வேலை செய்யப் பழகுவாரா. ரெக்ரூட்டரிடம் இதற்குப் பதில் இல்லையென்றால், அவர் தொந்தரவு வேண்டாம் என்று அடுத்த ஆளின் சிவியை அனுப்பிவிடுவார்.

ஆகவே அந்தக் கேள்விகளுக்கான பதிலையே மடலாக எழுதினேன். அசல் ஆங்கிலத்தில் இருந்தது, இங்கே தமிழில் சொல்கிறேன்.

தலைப்பு வரியில் வேலையின் பெயர், விளம்பரத்தில் இருந்த குறிப்பு எண், மொழிகள், எப்போது சேர முடியும் என்பது. அவ்வளவுதான். 'வேலை விண்ணப்பம்' என்று மட்டும் போட்டால் அவருடைய இன்பாக்ஸில் அதே தலைப்பில் எத்தனையோ கிடக்கும். இணைத்த கோப்புக்கும் என் பெயரோடு மொழிகளைச் சேர்த்துப் பெயர் வைத்தேன், `_CV_EN-MS-TA.pdf` என்று முடிகிற மாதிரி. ரெக்ரூட்டர்கள் சிவியை இறக்கி வைத்துப் பிறகு தேடி எடுப்பவர்கள், வெறும் `resume.pdf` அதில் காணாமல் போய்விடும்.

முதல் பத்தி இப்படி: "ஆங்கிலம், மலாய் மொழிகளிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். மருத்துவக் கருவிக் கையேடுகளும் வங்கிச் செயலிகளின் திரை உரைகளும் என் முக்கியத் துறைகள். இப்போது ஃப்ரீலான்ஸாக இருக்கிறேன், முழுநேர வேலைக்கு மாற விரும்புகிறேன். கோலாலம்பூருக்கு என் செலவில் குடிபெயர்வேன், உறுதிக் கடிதம் கிடைத்த நான்கு வாரத்தில் சேர முடியும்." ஊரை மறைக்கவில்லை. சிவியில் சுங்கை சிப்புட் முகவரியைப் பார்த்ததும், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறாரே, தினமும் எப்படி வருவார் என்று அவர் யோசிப்பார். அந்த யோசனை வருவதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும். செந்தூலில் அண்ணன் வீட்டில் தங்க இடம் இருந்ததால் என்னால் அதை உறுதியாக எழுத முடிந்தது. அப்படி இடம் இல்லாதவர்கள் எத்தனை நாள் ஆபீசுக்கு வர முடியும் என்றாவது தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது பத்திக்குத்தான் அதிக நேரம் எடுத்தது: ஏன் மாறுகிறேன். உண்மைக் காரணங்கள் பல. பணம் 45 நாள், 60 நாள் கழித்து வரும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி சம்பளச் சீட்டு கேட்கும். இவை உண்மைதான், ஆனால் எனக்கு வேலை தருகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. இன்னொரு காரணமும் இருந்தது, அது நான் மனதார நினைப்பது. ஃப்ரீலான்ஸில் ஒரு கையேட்டின் நடுவிலிருந்து முப்பது பக்கம் நமக்கு வரும், மீதி யாரிடம் போனது என்று தெரியாது. ஒரே பொத்தானுக்கு மூன்று பேர் மூன்று சொல் போட்டிருப்பார்கள். நான் கேள்விப் பட்டியல் எழுதி அனுப்பினால் அதற்குப் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். பொருள் வெளியான பிறகு என் வரியை யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஒரு பொருளின் தமிழை முதல் பதிப்பிலிருந்து அடுத்தடுத்த பதிப்பு வரை கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, அது உள்ளே இருந்தால்தான் நடக்கும். இதையே மூன்று வரியில் எழுதினேன். நேர்காணலில் அந்த வரியைத்தான் திரும்பக் கேட்டார்கள்.

அடுத்தது உள்வேலைக்கு ஏற்ற அனுபவம். இங்கே 'இத்தனை லட்சம் சொல் மொழிபெயர்த்திருக்கிறேன்' என்று எழுதத்தான் கை போகும். முழுநேர வேலையில் மொழிபெயர்ப்பு ஒரு பகுதிதான், அடுத்தவர் செய்ததைச் சரிபார்ப்பது, சொற்பட்டியலைப் பராமரிப்பது, பொறியாளரிடமும் டிசைனரிடமும் பேசி இடம் போதாத பொத்தானுக்கு வழி கண்டுபிடிப்பது எல்லாம் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு வேலையை எடுத்து விரித்தேன். ஒரு செயலியின் தமிழில் திரை உரை நீண்டு வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உரைக்கும் எத்தனை எழுத்து இடம் உண்டு என்று கேட்டு வாங்கி, அதற்குள் அடங்கும் சொற்களை ட்ராடோஸில் டேர்ம்பேஸ் என்கிற சொற்பட்டியலில் ஏற்றி, மற்ற இரண்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை. கூடவே என் வேகம்: நாளுக்கு 2,000 முதல் 2,500 சொல் புது மொழிபெயர்ப்பு, சரிபார்ப்பு என்றால் மணிக்கு 1,000 சொல் அளவு. ரெக்ரூட்டர் இந்த எண்களை அப்படியே கம்பெனிக்கு எழுதினார் என்று பிறகு தெரிந்தது.

க்ளையன்ட் பெயர் எதையும் போடவில்லை. ஏஜென்சிகளோடு கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இறுதி க்ளையன்ட் பெயரைச் சொல்லக்கூடாது என்று இருக்கும், ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'இரத்தச் சர்க்கரை அளவிடும் கருவியின் பயனர் கையேடு' என்று எழுதினாலே வேலையின் தன்மை புரிகிறது. மாதிரிக்கும் இதே கதைதான். செய்துகொடுத்த கோப்பை அனுப்ப முடியாது. பொதுவில் கிடைக்கும் ஒரு சுகாதார அறிவிப்பில் 300 சொல் அளவு எடுத்து, மூலம் ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கமாக வைத்து, 'மாதிரிக்காக நானே செய்தது' என்று மேலே குறித்து இணைத்தேன். ரகசியத்தைக் காப்பவர் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய க்ளையன்ட் விஷயத்தை நேராகவே சொன்னேன்: "கையில் உள்ள வேலைகளை முடித்துவிட்டு ஏஜென்சிக் கணக்குகளை நிறுத்திவிடுவேன். சேர்ந்த பிறகு எழுத்து அனுமதியில்லாமல் வெளிவேலை எடுக்க மாட்டேன்." அக்கா இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார். மனதில் முடிவெடுக்காமல் இதை எழுதாதீர்கள், பெரும்பாலான ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு விதி இருக்கும்.

சம்பளம் மடலில் இல்லை, ஆனால் பதில் மடலில் முதல் கேள்வியே அதுதான் என்பதால் கணக்கு தயாராக இருந்தது. ஃப்ரீலான்ஸ் வரவை அப்படியே சம்பளமாகக் கேட்கக் கூடாது, அதற்குக் கீழே இறங்கவும் பயப்பட வேண்டாம். 4,500 வெள்ளி சம்பளம் என்று வையுங்கள். 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு போட வேண்டும், அதுவே 585 வெள்ளி. ஆக முதலாளி தருவது 5,085. இதன் மேல் சொக்சோ, வேலைவாய்ப்புச் சட்டப்படி முதல் இரண்டு வருடத்துக்குக் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு, 11 பொது விடுமுறை, மருத்துவ விடுப்பு. இந்த நாட்களில் எல்லாம் ஃப்ரீலான்ஸருக்கு வரவு பூஜ்யம். என் பக்கத்தில் ட்ராடோஸ் உரிமம், கணினி, இணையச் செலவு குறையும், கோலாலம்பூர் வாழ்க்கைச் செலவு கூடும். இப்படி இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்து, கீழ் எல்லை மேல் எல்லை என்று ஒரு அளவாகச் சொன்னேன். அவரும் காரணம் கேட்கவில்லை.

மடல் மொத்தம் 250 சொல்லுக்குள் இருந்தது. அனுப்பி ஒரு வாரத்துக்கு மேல் சத்தமே இல்லை. புது மடல் எழுதாமல் அதே மடலுக்குப் பதிலாக இரண்டு வரி போட்டேன்: வேலை இன்னும் திறந்திருக்கிறதா, மொழிபெயர்ப்புச் சோதனை இருந்தால் இந்த வாரமே செய்துதர முடியும். அன்று மாலையே அழைத்தார். சோதனை 400 சொல், அதோடு வேறொருவரின் தமிழைத் திருத்திக் காரணம் எழுதும் பகுதி. இந்த இரண்டாவது பகுதியில் பலர் எல்லா வரியையும் தங்கள் நடைக்கு மாற்றிவிடுவார்களாம். நான் பிழையை மட்டும் திருத்தி, நடை பற்றிய கருத்தைத் தனியே குறித்தேன். நேர்காணலில் அதைத்தான் நல்லதாகச் சொன்னார்கள்.

சேர்ந்துவிட்டேன். வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை கூடாது என்ற விதியின் கீழே, எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்கு ஊதியமில்லாமல் மொழிபெயர்த்துத் தரலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். மனிதவளப் பிரிவு மறுப்புச் சொல்லாமல் சேர்த்துவிட்டது. அப்படி ஏதாவது உங்களுக்கு இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.