கோத்தகிரியில் எங்கள் டீத்தூள் பார்ட்னர்ஷிப் பிரைவேட் லிமிடெட் ஆன கதை

அப்பாவும் சித்தப்பாவும் 1998இல் தொடங்கிய பார்ட்னர்ஷிப் எங்களுடையது. குன்னூர் ஏலத்தில் டீத்தூள் எடுத்து, கோத்தகிரியில் கலந்து, பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவதுதான் தொழில். பின்னாளில் நானும் பங்குதாரர் ஆனேன். கம்பெனியாக மாற்றும் பேச்சு பல வருடங்களாகவே வீட்டில் ஓடியது. ஆனால் அப்போதைய சட்டப்படி பார்ட்னர்ஷிப்பை நேராகக் கம்பெனியாகப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2018இல் அது இரண்டு பேர் போதும் என்று திருத்தப்பட்டது. அப்பாவுக்கு எழுபது வயது நெருங்கியபோதுதான், 2022 கடைசியில், வேலையைக் கையில் எடுத்தோம்.

நாங்கள் போனது கம்பெனிச் சட்டம் 366ஆம் பிரிவு வழி. இதில் பெரிய லாபம் 368ஆம் பிரிவு. பதிவுச் சான்றிதழ் வந்த நாளிலேயே கட்டடம், இயந்திரம், வரவேண்டிய பாக்கி எல்லாம் சட்டப்படி கம்பெனிக்குப் போய்விடும். கடன்களும் கூடவே போகும். விற்பனைப் பத்திரம் எதுவும் எழுத வேண்டியதில்லை. குன்னூரில் தனி ஆளாகச் சாக்லேட் தொழில் நடத்தும் என் நண்பருக்கு இந்த வழி கிடையாது. அவர் தொழிலைப் புதுக் கம்பெனிக்கு ஒப்பந்தம் போட்டு மாற்றித்தர வேண்டும். அதில் நிலம் இருந்தால் முத்திரைத்தாள் செலவும் சேரும்.

முதல் சிக்கல் வீட்டுக்குள்ளேயே வந்தது. எங்கள் ஒப்பந்தப்படி லாபம் மூவருக்கும் சமம். அதனால் ஷேரும் சமமாக வரும் என்றே சித்தப்பா நினைத்திருந்தார். ஆடிட்டர் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொருவரும் போட்ட பணத்தைக் காட்டும் மூலதனக் கணக்கில் அப்பாவுக்கு 24 லட்சம், சித்தப்பாவுக்கு 10 லட்சம், எனக்கு 6 லட்சம் இருந்தது. கட்டடம் பல வருடம் முன் வாங்கியது, இன்றைய மதிப்பு பல மடங்கு. மாற்றத்தின்போது அதற்கு மூலதன ஆதாய வரி விழாமல் இருக்க வேண்டுமானால், அப்போதைய வருமான வரிச் சட்டம் 47ஆம் பிரிவின் நிபந்தனைகளை அப்படியே பின்பற்ற வேண்டியிருந்தது. மாறும் நாளில் மூலதனக் கணக்கு எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில்தான் ஷேர் கொடுக்கலாம். ஷேரைத் தவிர வேறு பணமோ பலனோ யாருக்கும் போகக் கூடாது. ஐந்து வருடத்துக்குப் பழைய பங்குதாரர்கள் கையில் சேர்ந்து பாதிக்குக் குறையாத ஓட்டுரிமை இருக்க வேண்டும்.

“இருபத்தஞ்சு வருஷமா சமமா உழைச்சிருக்கோம், எனக்கு கால்வாசிதானா அண்ணா?” என்று சித்தப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மாறும் நாளுக்கு முன்னால் மூலதனக் கணக்கைச் சரி செய்துகொள்ளத் தடையில்லை என்று ஆடிட்டர் சொன்னார். அப்பா 6 லட்சத்தை எடுத்துக்கொண்டார். சித்தப்பா 6 லட்சம் போட்டார். இரண்டும் வங்கி வழியாக, உண்மையான பணமாக, இரண்டு மாதம் முன்பே நடந்தது. கணக்கு 18, 16, 6 என்று ஆனது. ஷேர் 45, 40, 15 சதவீதம். கம்பெனி பிறந்தபிறகு இதை யோசித்திருந்தால் இவ்வளவு எளிதாகச் சரி செய்திருக்க முடியாது.

அடுத்து விளம்பரம். ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் வர 21 நாள் விட வேண்டும். தமிழ் விளம்பரத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள் “கடையை மூடுறீங்களா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடன் தந்த வங்கியின் தடையின்மைச் சான்றுதான் அதைவிட இழுத்தது. அது வருவதற்குள் ஆடிட்டர் சான்றளித்த சொத்து–கடன் அறிக்கை பழையதாகிவிட, புதிதாக ஒன்று தயாரிக்க வேண்டியதாயிற்று. வங்கிக் கடிதம் கைக்கு வந்தபிறகே அந்த அறிக்கைக்குத் தேதி போடுங்கள்.

கம்பெனியாகப் பதிவு கேட்கும் URC-1 படிவத்தோடு மற்றதெல்லாம் சேர்த்து அனுப்பி, சான்றிதழ் வந்தது. சொத்து மாறிவிட்டது. உரிமங்கள் மாறவில்லை. எங்களுக்கு உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பித்தது. கம்பெனிக்குப் புது பான் எண். அதனால் ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், பாக்கெட் போடுபவர் பதிவு, ஏலத்தில் வாங்கும் பதிவு, எல்லாமே புதிது. சான்றிதழ் வந்த நாளுக்கும் புது ஜிஎஸ்டி எண் வந்த நாளுக்கும் இடையில் ஒன்பது நாள் பில் போடவில்லை. கடைகளுக்கு முன்கூட்டியே கூடுதல் சரக்கு அனுப்பி வைத்திருந்ததால் தாக்குப்பிடித்தோம்.

ஜிஎஸ்டியில் ஒரு பெரிய இழப்பு மயிரிழையில் தப்பியது. டீத்தூளுக்கு 5 சதவீதம் வரி. பாக்கெட் லேமினேட்டுக்கு நாங்கள் கட்டுவது 18. அதனால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள உதவும் வரவுக் கணக்கில் சுமார் 3,80,000 ரூபாய் தேங்கியிருந்தது. புது எண் வந்ததும், பழைய எண்ணை ரத்து செய்ய எங்கள் கணக்கர் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டார். பழைய எண் உயிரோடு இருக்கும்போதே, அதில் இருந்து ITC-02 என்ற மாற்றல் படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அந்த வரவு கம்பெனிக்கு வரும். கடன்களும் சேர்ந்து மாறுகின்றன என்று ஆடிட்டர் சான்று தர வேண்டும். அதன்பின் கம்பெனியின் கணக்கில் நுழைந்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பணம் நடுவிலேயே நிற்கும். புதுக் கணக்கில் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்தபிறகுதான் ரத்துக்கு விண்ணப்பித்தோம். ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற கடைசி ரிட்டர்னும் உண்டு.

பாக்கெட் விஷயத்தில் நஷ்டத்தைத் தவிர்க்க முடியவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் பழைய பெயரும் பதினான்கு இலக்க உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். எண் மாறினால் அச்சு சிலிண்டரையும் மாற்ற வேண்டும். மாறும் தேதிக்கு முன்பே முடிந்த அளவு பழைய ரோலில் பாக்கெட் போட்டோம். அப்படியும் கால் கிலோ பாக்கெட்டின் நான்கு ரோல் மிஞ்சி, கழிவு விலைக்குப் போனது. மாற்றம் முடிவான அன்றே பெரிய ரோல் ஆர்டரை நிறுத்தியிருக்க வேண்டும்.

கட்டடத்தின் பட்டா பெயர் மாற்றம் தனிக் கதை. சட்டப்படி சொத்து கம்பெனியுடையதுதான். ஆனால் வருவாய்த்துறைப் பதிவேடு தானாக மாறாது. பதிவுச் சான்றிதழ், பழைய பத்திரம், ஒப்பந்தம் மூன்றையும் வைத்து தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். மின் இணைப்பு, வண்டியின் ஆர்சி புத்தகம் இரண்டையும் அந்த வாரமே முடித்தோம்.

கடைகளுக்கும் சரக்குக் கொடுப்பவர்களுக்கும் புது வங்கிக் கணக்கு எண்ணோடு கடிதம் அனுப்பி, கையெழுத்திட்ட நகலைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். பழைய கணக்கை உடனே மூடவில்லை. வர வேண்டிய பாக்கி அதிலேயே வந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பாக்கெட் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கும் அக்கா அலுவலகத்துக்கு வந்து நின்றார். “புதுக் கம்பெனின்னா, தம்பி, என் பதினாறு வருஷம் போயிடுமா?” என்று கேட்டார். பணிக்கொடை கணக்கு அவருக்கு அந்த வருடங்களில்தான் இருக்கிறது. நிறுவனம் கைமாறும்போது பணி தொடர்ச்சி விட்டுப்போனாலோ, சம்பளமும் நிபந்தனைகளும் குறைந்தாலோ இழப்பீடு தர வேண்டும் என்று அப்போதைய தொழில் தகராறுச் சட்டம் 25எஃப்எஃப் பிரிவு சொன்னது. அதைப் பேச்சில் மட்டும் சொல்லி அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. பதினோரு பேருக்கும் தனித்தனியாக, வேலையில் சேர்ந்த தேதியை எழுதி, அந்த நாளிலிருந்தே பணிக்காலம் எண்ணப்படும் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் அடித்தோம். புது லெட்டர்ஹெட்டில் போன முதல் கடிதங்கள் அவைதான். அக்கா தன்னுடையதை வாங்கி, தேதி சரியா என்று விரல் வைத்துப் பார்த்து, நான்காக மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போனார்.